சகாயம் அண்ணன் அனுப்பிய ஒற்றை வரி

ராமலட்சுமி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் கோபத்தைத்தான் எழுதவேண்டியிருக்கிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் ஒரு வாக்கியம்கூட எழுதாமல் வெறும் கட்டளையை மட்டும் வாட்ஸப்பில் ஒட்டிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் இன்னும் ஒரு படி மேலே வரும்.

வண்டிப்பெரியாரில் ஒரு டயர்க்கடையின் மாடியில் நானும் அக்காவும் வேலை பார்க்கும் அலுவலகம். மலை எஸ்டேட்டுகளில் வைத்திருக்கும் மழைப்பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. மொத்தம் முப்பத்தொரு பெட்டி. மேலே மழைநீர் விழும் புனல், அதற்குள் நிரம்பினால் சாய்ந்து கொட்டும் சின்னக் கரண்டி, கீழே உள்ளங்கையளவு கம்ப்யூட்டர், ஒரு சிம், ஒரு பேட்டரி, ஒரு ஹூட்டர். கரண்டி எத்தனை முறை சாய்ந்தது என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். அரை மணிக்கொருமுறை ஒரு சின்ன நிரல் எழுந்து அந்த எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்து எங்கள் திரைக்கும் அனுப்பும். ஒரு நாள் மழை நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளின் போன்களுக்கெல்லாம் எஸ்எம்எஸ் போகும், ஹூட்டர் அலறும். உருள்பொட்டல், அதான் மலைச்சரிவு, வருவதற்கு முன்னால் ஆட்கள் வீட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

ஒவ்வொரு பெட்டிக்கும் அந்த எஸ்டேட்டிலேயே ஒரு காவல் ஆள். எலக்ட்ரீசியன், பழைய பாக்டரி பிட்டர், டிரைவர் என்று கைவேலை தெரிந்தவர்கள். போனிலேயே பெட்டிக்குள் நுழைய அவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தோம். கட்டளைகளை ஒரு தாளில் அச்சடித்துப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தோம். ஏதாவது சிக்கல் வந்தால் கேட்க ஒரு வாட்ஸப் குரூப். அதில் எங்கள் மேனேஜர் ஜிபி சார் இருக்கிறார், தாலுக்கா ஆபீஸ்காரர்கள் இருக்கிறார்கள், எஸ்டேட் மேனேஜர்கள் இருக்கிறார்கள். பேச்சு எல்லாம் மலையாளம், இங்கிலீஷ்.

காவல் ஆட்களில் பாதிப்பேர் நம்ம தமிழ் ஆட்கள். மலையாளம் பேசுவார்கள், எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள், எழுத வராது. அத்தனை ஆபீசர்கள் இருக்கிற இடத்தில் தமிழில் எழுதக் கூச்சம். அதனால் அவர்கள் எழுதவே மாட்டார்கள். பெட்டியிலிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்டுவார்கள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என்ன வேண்டும் என்று இல்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்காக இவுக?" என்று நான் கத்துவேன். "ஒரு வார்த்தை எழுதுனா கையி தேஞ்சா போயிரும்?"

அக்கா சிரிக்கமாட்டார், திட்டவும் மாட்டார். என் போனை வாங்கிப் பார்ப்பார். ஒருநாள் மூணாறு பக்கத்திலிருந்து ஒருவர் `tail -f kanakku.log` என்று அனுப்பியிருந்தார். அவ்வளவுதான் செய்தி. அந்தக் கட்டளை பதிவேட்டின் கடைசி வரிகளைக் காட்டும் என்று நான் இங்கிலீஷில் நாலு வரி விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா நடுவில் புகுந்து தமிழில் ஒரே வரி போட்டார். "அண்ணே, கண்ட்ரோலையும் சி-யையும் சேத்து அமுக்குங்க, வெளிய வந்துரலாம்." ஒரு நிமிஷத்தில் அங்கிருந்து கும்பிடும் கை வந்தது. அந்தக் கட்டளை ஓடத் தொடங்கினால் தானாக நிற்காது. மனுஷர் அதற்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் நின்றிருக்கிறார்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"வரியைப் பாக்காத புள்ள. அந்த வரியைக் கையில வச்சுக்கிட்டு எந்த வேலையா நிக்காகன்னு பாரு. கட்டளைக்கு அர்த்தம் கேக்க இந்த மழையில எவன் பெட்டியைத் தெறப்பான்?"

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. லயத்தில் பிறந்து, கொழுந்து கிள்ளும் அம்மாவின் சம்பாத்தியத்தில் பாலிடெக்னிக் முடித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நேரமில்ல" என்பார். மழைக்காலம் முழுக்க ஒரு ரப்பர் செருப்பு, ஒரே பச்சைக் கோட்டு. பேச்சு குறைவு. நான் பேசுகிற பேச்சுக்கும் சேர்த்து அவர் மிச்சம் பிடிக்கிறார் என்று ஜிபி சார் கிண்டல் செய்வார்.

அவருடைய அப்பா மொக்கையன் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். அவரைப் பற்றி அக்கா என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். அதுவும் நான் இப்படிக் கத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், டீ ஆறிக்கொண்டிருக்கும்போது.

எஸ்டேட்டில் ஒரு பழக்கம் உண்டு. என் அப்பச்சன், அதாவது தாத்தாவும் அப்படித்தான், எனக்கே தெரியும். ஏதாவது கெட்டுப்போனால் ஆள்கணக்கு எடுக்கும் மஸ்டர் ஆபீஸுக்கு வந்து வாய் திறந்து சொல்லமாட்டார்கள். கத்தி உடைந்தால் கத்தியை, கூடை கிழிந்தால் கூடையைக் கொண்டுவந்து மேசைமுன் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பார்கள். சொன்னால் எதிர்த்துப் பேசியதாகிவிடும். எப்படி உடைந்தது என்று கேள்வி வரும், தப்பு நம் தலையில் விழும். பொருளை வைத்தால் பொருளே பேசிக்கொள்ளட்டும்.

ஒருநாள் காலை மொக்கையன் மருந்து டேங்கைக் கொண்டுவந்து மேசைமுன் வைத்துவிட்டு நின்றார். கிளார்க் பார்த்தார். அடியில் ஒழுகுகிறது. வாஷரை மாற்றினார், புத்தகத்தில் எழுதினார், எடுத்துட்டுப் போ என்றார். மொக்கையன் அதைத் திரும்ப முதுகில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார்.

"அந்த டேங்கு காலையில இருந்து அப்பா முதுகுலதான் ஒழுகியிருக்கு," என்றார் அக்கா. "சட்டையெல்லாம் மருந்து. தலை சுத்துதுன்னு சொல்லத்தான் வந்திருக்காரு. அவுக டேங்கைப் பாத்தாக. ஆளைப் பாக்கல."

மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பின்னால் ஏதோ காகிதத்துக்காக ஆபீஸுக்குப் போனபோது அந்தப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார்களாம். அந்தத் தேதிக்கு எதிரே, 'வாஷர் மாற்றிக் கொடுக்கப்பட்டது' என்று இருந்ததாம்.

ஆறிய டீயைக் குடித்தேன். அதற்குப்பிறகு கத்துவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். குறைத்தேன் என்றுதான் சொல்கிறேன், விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை.

போன ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. முந்தின நாளே இடுக்கிக்கு ரெட் அலர்ட் சொல்லிவிட்டார்கள். அக்கா விடிந்ததும் பேட்டரி ஒன்றை மாற்ற வேறு எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். வழியில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. அங்கே சிக்னலும் இல்லை. ஜிபி சார் கலெக்டரேட்டில் மீட்டிங். அலுவலகத்தில் நான் ஒருத்தி. குரூப்பில் செய்தி மழையைவிட வேகமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சிக்னல் இல்லை, பேட்டரி இறங்கிவிட்டது, எஸ்எம்எஸ் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, எங்கள் பதிவேட்டில் குறித்து, அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பத்து நாற்பத்துநாலுக்குச் சகாயம் அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

`crontab -r`

அவ்வளவுதான்.

சகாயம் அண்ணன் தேயிலை பாக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் பெட்டிகள் இருக்கிற லயங்களிலேயே மிக ஆபத்தான சரிவுக்குக் கீழே இருப்பது அவருடையது. பதினெட்டு வீடு. அவருடைய வீடும் அதில் ஒன்று. மனைவியும் மகளும் பேரப்பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார்கள்.

எனக்கு அந்தக் கட்டளையைத் தெரியும். பெட்டிக்குள் எந்த நிரல் எந்த நேரத்தில் எழவேண்டும் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதை மொத்தமாக அழிக்கும் கட்டளை அது. "நிச்சயமாகவா?" என்றுகூடக் கேட்காது. ஒரு வார்த்தை சொல்லாமல் அழித்துவிட்டுச் சும்மா இருக்கும்.

நான் மலையாளத்தில் பதில் போட்டேன். 'இது அட்டவணை முழுவதையும் அழித்துவிடும். திரும்ப வராது. தயவுசெய்து இதை ஓட்டவேண்டாம்.' நல்ல பதில். ஒரு பிழை இல்லாத பதில். பிறகு பதிவேட்டில் எழுதினேன்: '10.51. கட்டளை குறித்த கேள்வி. பதில் அளிக்கப்பட்டது.' எழுதி முடித்து அடுத்த செய்திக்குப் போனேன்.

சகாயம் அண்ணன் எழுதுகிறார் என்று போனில் இரண்டுமுறை காட்டியது. இரண்டுமுறையும் ஒன்றும் வரவில்லை. நான் அதைப் பார்த்தேன், அது என் மண்டையில் ஏறவில்லை.

பதினொன்றரைக்கு எங்கள் திரையில் அவர் பெட்டியின் நிறம் சாம்பலாகிவிட்டது. பெட்டியிலிருந்து கடைசிக் கணக்கு வந்து ஒரு மணி நேரமானால் அப்படி ஆகும். அன்றைக்கு ஒன்பது பெட்டி சாம்பலாக இருந்தது. மலையில் மழை பிடித்தால் டவர் போவது வழக்கம். டவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா வந்து சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். மூன்று கிலோமீட்டர் நடந்து ஒரு ஜீப்பைப் பிடித்து வந்திருக்கிறார். கோட்டைக்கூடக் கழற்றாமல் குரூப்பில் இருந்ததையெல்லாம் மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். சகாயம் அண்ணனின் வரியில் அவர் விரல் நின்றது.

"இதுக்கு அப்புறம் இவரு பேசுனாரா?"

"இல்லக்கா. பதில் போட்டாச்சு. ஓட்டவேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஒரு கும்பிடுகூட வரல?"

"வரல."

அக்கா மேசை டிராயரிலிருந்து நாங்கள் அச்சடித்த தாளை எடுத்து என்முன் வைத்தார். "இதுல இந்தக் கட்டளை எங்க இருக்கு, காட்டு."

தேடினேன். இல்லை. தாளில் இருந்ததெல்லாம் `crontab -e`. அட்டவணையைத் திறந்து திருத்தும் கட்டளை. ரெட் அலர்ட் அன்று காலையில் அதைத் திறந்து, முப்பது நிமிஷம் என்று இருப்பதைப் பத்து நிமிஷமாக மாற்றவேண்டும் என்று நாங்களே எழுதியிருந்தோம்.

"சகாயம் அண்ணன் இதுவரைக்கும் தாள்ல இல்லாத கட்டளை எதையாச்சும் அனுப்பியிருக்காரா? தாளைத் தாண்டி அவருக்கு ஒண்ணும் தெரியாது. அப்ப இந்த வரி அவரு கைக்கு எங்கிருந்து வந்துச்சு?"

நான் கீபோர்டைப் பார்த்தேன். e பக்கத்திலேயே r. நனைந்த போன், நனைந்த விரல்.

"ஓட்டலாமான்னு கேக்கல புள்ள," என்றார் அக்கா. "ஓட்டிட்டாரு."

சாம்பல் நிறத்துக்கு டவர் காரணமில்லை. இரண்டு மணி நேரமாக அந்தப் பெட்டி மழையை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆனால் எண்ணியதைக் கூட்டிப் பார்க்க அதற்குள் யாரும் எழுவதில்லை. எவ்வளவு பெய்தாலும் ஹூட்டர் அடிக்காது. அந்த லயத்தில் ஹூட்டர் வந்த நாளிலிருந்து ஜனங்கள் மேலே மலையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஹூட்டர் அடிக்கவில்லை என்றால் பயமில்லை என்று அர்த்தம். நாங்கள்தான் வீடுவீடாகப் போய் அப்படிச் சொல்லிக்கொடுத்தோம்.

இங்கிருந்து அந்தப் பெட்டிக்குள் நுழைய எங்களுக்கு வழியில்லை. பெட்டியின் பக்கத்தில் போனோடு நிற்கிற ஆளால்தான் முடியும். அந்த ஆளிடம் 'திரும்ப வராது' என்று, அத்தனை ஆபீசர்கள் பார்க்க, நான் சொல்லியிருந்தேன்.

நான் போனை எடுத்து அவருக்கு அடிக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்தார்.

"என்னன்னு கேப்ப? அழிச்சிட்டீகளான்னா? இல்லம்பாரு. போனை வச்சிருவாரு."

அக்கா குரூப்பில் எழுதவில்லை. சகாயம் அண்ணனுக்குத் தனியாக, தமிழில் எழுதினார். நான் பக்கத்தில் நின்று படித்தேன்.

'அண்ணே, நான் ராமலட்சுமி. அழிஞ்சது திரும்ப வரும். பெட்டி தன்னோட டைரியில எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கு. நாம அதைப் பாத்து மறுபடி எழுதிரலாம். பெட்டியை மட்டும் ஆப் பண்ணிறாதீக. பண்ணுனா இன்னைக்குப் பெஞ்ச மழைக் கணக்கு போயிரும்.'

ஒரு டிக். மழைச்சத்தம். டயர்க்கடைக்காரர் கீழே ஷட்டரை இறக்கும் சத்தம். இரண்டாவது டிக் விழ நாலு நிமிஷம் ஆயிற்று. மாதாவே என்று நான் முணுமுணுத்தது எனக்கே கேட்டது.

நீலமாயிற்று. அவர் எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது. மறுபடி காட்டியது. பிறகு வந்தது.

`no crontab for pi`

மறுபடியும் ஒரு வரிதான். பெட்டியில் அட்டவணையே இல்லை என்று பெட்டி சொன்னதை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். அக்கா பெருமூச்சு விட்டார். "வந்துட்டாரு," என்றார்.

`grep -i cron /var/log/syslog` என்று ஒரு கட்டளையை அனுப்பி, இதை ஓட்டி வருவதையெல்லாம் அனுப்புங்க அண்ணே என்றார். பெட்டி தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் நேரம்போட்டு எழுதிவைக்கும் பதிவேட்டிலிருந்து, அட்டவணை சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் கட்டளை அது. வரிகள் வரத் தொடங்கின. ஒன்பது மணிக்கு கணக்கு நிரல் எழுந்தது. ஒன்பதரைக்கு எழுந்தது. பத்துக்கு, பத்தரைக்கு. எந்தக் கோப்பு, எந்தப் பெயரில், எல்லாம் அதில் இருந்தது. அதற்குக் கீழே கடைசியாக ஒரு வரி.

`Aug  6 10:42:17 mazhai crontab[2150]: (pi) DELETE (pi)`

பத்து நாற்பத்திரண்டுக்கு அட்டவணை அழிக்கப்பட்டது என்று பெட்டியே எழுதிவைத்திருக்கிறது. அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அவர் அனுப்பியிருக்கலாம். அவர் விடவில்லை. அதைச் சேர்த்தே அனுப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாய் திறந்து சொல்ல முடியாததை மனுஷர் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

அக்கா அந்த வரியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. புது அட்டவணை வரியை எழுதினார். வாட்ஸப் நட்சத்திரக் குறிகளை விழுங்கிவிட்டால் எல்லாம் பாழ் என்பதால் கட்டளை அப்படியே போகும்படி இரண்டு பக்கமும் குறி போட்டு அனுப்பினார்.

`echo "*/10 * * * * /home/pi/kanakku.sh" | crontab -`

"ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் எழும்பும்," என்று எனக்குச் சொன்னார். "மத்த வேலையெல்லாம் சாயங்காலம் சேத்துக்கலாம். இப்ப இது ஒண்ணு போதும்."

இப்போது பட்டியலைக் காட்டச் சொல்லுங்க என்று எழுதினார். அட்டவணை வரி திரும்பி வந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை. மணி ஒன்று பதினாறு.

நான்கு நிமிஷம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்று இருபதுக்குச் சகாயம் அண்ணனின் பெட்டி சாம்பலிலிருந்து நேராகச் சிவப்புக்கு மாறியது. நூற்று எழுபத்தெட்டு மில்லிமீட்டர். எல்லையைத் தாண்டி எவ்வளவு நேரமாயிற்றோ.

சகாயம் அண்ணனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பேச்சு இல்லை. மழை, அதற்குமேல் ஹூட்டர் அலறுகிற சத்தம், தூரத்தில் யாரோ ஒரு பெண் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல். பதினோரு செகண்டு. அக்கா அதை இரண்டுமுறை கேட்டார்.

பதினேழு வீட்டு ஆட்கள் பத்து நிமிஷத்தில் இறங்கிக் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். கடைசி வீட்டு மூக்கம்மாள் மட்டும் அடுப்பில் கஞ்சி இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தாராம். சகாயம் அண்ணன் கஞ்சிப் பானையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறார், கிழவி பின்னாலேயே திட்டிக்கொண்டு போயிருக்கிறார். மூன்று மணி வாக்கில் சரிவு பிய்ந்து இறங்கியது. கடைசி மூன்று வீடுகள் மண்ணுக்குள் போய்விட்டன. ஒரு உயிர்ச்சேதமும் இல்லை. மூக்கம்மாளின் இரண்டு ஆடுகள் போய்விட்டன.

மறுவாரம் நானும் அக்காவும் அங்கே போனோம். பெட்டி நின்ற இடம் அப்படியே இருந்தது. சகாயம் அண்ணன் மெலிந்த, நெடுநெடு ஆள். அக்காவைப் பார்த்ததும் கைகட்டி நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

"என்ன அண்ணே செஞ்சீக அந்த ரெண்டு மணி நேரமும்?"

அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வீடுவீடாப் போயித் தட்டுனேன் தாயி. எறங்குங்கன்னேன். ஹூட்டரே சும்மாக் கெடக்கு, உமக்கென்ன அவசரம்னு சிரிச்சாக. ஹூட்டரைக் கெடுத்ததே நான்தான்னு வாயில வரல. எம் பொண்டாட்டிகிட்டயே சொல்லல. திரும்ப வராதுன்னு போட்டிருந்துச்சுல்ல... சரி, ஆப் பண்ணி ஆன் பண்ணிப் பாப்போம்னு வந்தேன். சுவிச்சுல கை வச்சிட்டேன். அப்பத்தான் உங்க மெசேஜி வந்துச்சு."

நான் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கே பார்ப்பது? 'திரும்ப வராது' என்று போட்ட கை என்னுடையது. அதை அவரிடம் சொன்னேன். மன்னிச்சிருங்க அண்ணே என்றேன். அவர் பதறிப்போய், "நீங்க சரியாத்தானம்மா சொன்னீக," என்றார். அதுதான் எனக்கு இன்றுவரை நெஞ்சில் உறுத்துகிறது.

அடுத்த நாள் ஜிபி சார் அறிக்கை கேட்டார். பத்து நாற்பத்திரண்டிலிருந்து ஒன்று இருபதுவரை பெட்டி ஏன் பேசவில்லை என்று தாலுக்கா ஆபீஸில் கேட்கிறார்களாம். ஆளை மாற்றவேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். சார் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு காரணமும் ஒரு பெயரும் அவருக்கு வேண்டியிருந்தது.

அக்கா அறிக்கையை எழுதினார். தாளில் நாங்கள் கொடுத்த கட்டளைக்கு ஒரு விரல் பக்கத்தில் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை இருந்ததையும், அழிக்குமுன் கேட்கும் ஏற்பாட்டை நாங்கள் செய்யாததையும் எழுதினார். எல்லாப் பெட்டியிலும் அட்டவணைக்கு ஒரு நகல் வைக்கவேண்டும், குரூப்பில் தமிழில் கேட்கலாம் என்று முதல் செய்தியாகப் போடவேண்டும் என்று எழுதினார். சகாயம் அண்ணனை மாற்றினால் தானும் போய்விடுவதாக வாயால் சொன்னார். அதை எழுதவில்லை.

கூடவே எங்கள் பதிவேட்டின் அந்த நாள் பக்கத்தையும் இணைக்கவேண்டியிருந்தது. நான்தான் நகல் எடுத்தேன். எடுக்கும்போது என் கையெழுத்து கண்ணில் பட்டது. '10.51. கட்டளை குறித்த கேள்வி. பதில் அளிக்கப்பட்டது.'

அக்கா பக்கத்தில் வந்து நின்று அதைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். அந்த ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. அவர் எந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

"அடிச்சிரட்டாக்கா?" என்றேன்.

"அடிக்காத. இருந்தது இருக்கட்டும்." பேனாவை என்னிடம் நீட்டினார். "கீழ ஒரு வரி எழுது."

என்ன எழுதவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வரிக்குக் கீழே எழுதினேன். 'என்ன ஆயிற்று என்று அவரிடம் நான் கேட்கவில்லை.' என் பெயரைப் போட்டேன். சிஞ்சு.

அக்கா அந்தத் தாளை வாங்கி, மை காயும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.